சொல்லிக்கொள்ளாமல் கிளம்பும் வரி

ஸ்பேஸ் பட்டனைத் தட்டி ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன் என்று நான் நம்பியிருக்கிறேன். கத்தி இல்லை, விஷம் இல்லை. கீபோர்டில் இருப்பதிலேயே நீளமான, எதையுமே எழுதாத அந்த ஒரு பட்டன். புத்தூர் நால்ரோட்டிலிருந்து ஸ்ரீரங்கம் போய்ச் சேரும் வரை இந்த நம்பிக்கை எனக்கு இருந்தது. போலீஸ் கேட்டால் என்ன சொல்வது என்றுகூட வழியிலேயே யோசித்து வைத்திருந்தேன். "ஐயா, நான் ஒண்ணுமே எழுதலீங்க." சத்தியமான வாக்குமூலம்.

என் தொழில் அப்படி. முன்பெல்லாம் ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆடித் தள்ளுபடிக்கு ஒரு குரல், தீபாவளிக்கு ஒரு குரல். பிறகு கடைக்காரர்கள் இயந்திரத்திடமே எழுதி வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். நான் அந்த இயந்திரம் எழுதுவதைத் திருத்தும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். சம்பந்தி வீட்டில் சண்டை போட்டுவிட்டு, பசித்ததும் அங்கேயே இலை போடச் சொல்வது மாதிரி.

சென்னையில் ஒரு நிறுவனம். ஆங்கில விளம்பரங்களை இயந்திரம் தமிழாக்கிக் கொடுக்கும். எங்களைப் போன்றவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து அதைச் சரிபார்ப்போம். திரையில் இடப்பக்கம் ஆங்கிலம், நடுவில் இயந்திரத்தின் தமிழ், வலப்பக்கம் நாங்கள் திருத்தி எழுத ஒரு கட்டம். திருத்தினால் மட்டும் போதாது. என்ன வகைப் பிழை என்று குறிக்க வேண்டும்: தொனி சரியில்லையா, ஆண்பால் பெண்பால் புரண்டிருக்கிறதா, ஆங்கில வழக்கைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்திருக்கிறதா. அப்புறம் எவ்வளவு மோசம் என்று: மைனர், மேஜர், கிரிட்டிக்கல். முதலில் ஒருவர் திருத்துவார். இன்னொருவர் அந்தத் திருத்தத்தைப் பார்த்து 'ஏற்கிறேன்' அல்லது 'மறுக்கிறேன்' என்று அழுத்துவார்.

முதல் ஆள் ஸ்ரீரங்கத்து மாமி. இரண்டாவது ஆள் நான்.

மாமி என்னைவிட இரண்டு வயது இளையவர். நான் மாமி என்று கூப்பிடுவது கிண்டலுக்குத்தான். முதல் நாளே, "நான் உங்களுக்கு மாமின்னா நீங்க எனக்கு என்ன சார், தாத்தாவா?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகும் நான் விடவில்லை, அவரும் சார் போடுவதை விடவில்லை. அடையவளஞ்சான் தெருவில் தரைத்தள ஃபிளாட். கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. ஆனால் படிக்க முடியும், எல்லாம் புரியும். அவரை விட்டுவிட்டு மாமி எந்த அலுவலகத்துக்கும் போக முடியாது. வீடு தேடி வரும் ஒரே வேலை இதுதான். அவர்கள் அடுப்பு எரிவது இந்த வலப்பக்கக் கட்டத்தை நம்பித்தான். இதை மாமி சொல்லிக்கொண்டதில்லை. கட்டிலிலிருந்து தம்ளரால் தட்டும் சத்தம் கேட்டதும் போனை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். அதிலிருந்து எனக்குத் தெரிந்ததுதான்.

அந்த மாதம் வந்த வேலை கொஞ்சம் விசேஷமானது. வீட்டுக்கு வந்து ஏசி பார்ப்பது, குழாய் அடைப்பு எடுப்பது, கரப்பான்பூச்சிக்கு மருந்தடிப்பது என்று ஆள் அனுப்பும் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். அவர்கள் புதிதாக இறுதிச் சடங்குக்கும் ஆள் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். ஃப்ரீஸர் பெட்டி, வண்டி, பந்தல், சடங்கு செய்துவைக்க வாத்தியார், மயானத்தில் முன்பதிவு, எல்லாம் போனிலேயே. அதற்கான விளம்பரங்களும் வாடிக்கையாளருக்குப் போகும் குறுஞ்செய்திகளும் எங்களிடம் வந்தன.

இயந்திரம் தன் முழுத் திறமையையும் காட்டியிருந்தது. சிரமமான வேலைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. அதை, 'கனமானதைத் தூக்குவதை எங்களிடம் விட்டுவிடுங்கள்' என்று பெயர்த்திருந்தது. ஏசி ரிப்பேருக்கு அபத்தம். பாடைக்கு அட்சரசுத்தம். நான் மாமிக்குப் போன் போட்டேன்.

"மாமி, இதைத் திருத்தணுமா? உண்மையைத்தானே சொல்லுது?"

"உண்மையா இருக்கறதாலதான் சார் கிரிட்டிக்கல்."

துணை நிற்போம் என்பதற்கு 'உங்கள் முதுகு எங்களிடம் இருக்கிறது' என்று ஒன்று. 'உங்கள் அம்மா தனது கடைசிப் பயணத்தைத் தொடங்கினான்' என்று ஒன்று. கம்பெனி கொடுத்திருந்த நடைக் குறிப்பில் 'இளமையாக, நண்பனைப் போலப் பேசவும்' என்று இருந்ததால், 'கவலைப்படாதே, உன் அப்பாவை நாங்க பாத்துக்கறோம்' என்று தோளில் கை போட்டது ஒரு வரி.

ஆண்பால் பெண்பால் விஷயம் கேலிக்குரியதல்ல. செய்தியில் இறந்தவர் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் ஒரு பொந்து இருக்கும். கம்ப்யூட்டர் பின்னால் அதில் பெயரைச் சொருகும். அங்கே வரப்போவது தாத்தாவா, பெண்ணா, பச்சைக் குழந்தையா, நமக்குத் தெரியாது. 'அவர்' என்று போட்டால் மூன்று வயதுக் குழந்தைக்கு ஒட்டாது. 'அவன்' என்று போட்டால் வீடு தேடி வந்து அடிப்பார்கள். மாமி ஒரு வழி கண்டுபிடித்தார். இறந்தவரை எழுவாயாகவே வைக்காமல், எல்லா வினைமுற்றையும் ஏற்பாடுகளின் மேல் ஏற்றிவிட்டார். 'மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல். இறுதிப் பயணத்துக்கான ஏற்பாடுகள் அனைத்தும் நிறைவடைந்தன.' யார் செத்தாலும் பொருந்தும். வாசித்தால் ஒரு மனிதர் அடக்கமாகக் கைகூப்பி நின்று சொல்வது போலவே இருந்தது. நான் பொறாமையோடு 'ஏற்கிறேன்' அழுத்தினேன்.

சிக்கல் கடைசி வரியில் வந்தது.

கம்பெனியின் எல்லாச் செய்திகளுக்கும் அடியில் ஒரே வால் உண்டு. குழாய் அடைப்பு எடுத்தாலும் அதே வால், கரப்பான் செத்தாலும் அதே வால். தமிழில் இயந்திரம் அதை, 'கவனமாக இருங்கள். விரைவில் சந்திப்போம்!' என்று ஆக்கியிருந்தது. சாவு வீட்டுக்குப் போகும் மூன்று செய்திகளிலும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. ஏற்பாடு தொடங்கும்போது ஒன்று, முடிந்ததும் ஒன்று, பத்தாம் நாள் காரியத்துக்கு எங்களையே கூப்பிடுங்கள் என்று ஒன்று.

மாமி அந்த மூன்று கட்டங்களையும் காலியாக விட்டிருந்தார்.

மறந்துவிட்டார் என்று நினைத்துப் போன் செய்தேன்.

"மறக்கலை. அதான் மொழிபெயர்ப்பு."

"எது?"

"ஒண்ணும் சொல்லாதது. சாவு வீட்டுலேர்ந்து கிளம்பறப்போ நீங்க என்ன சொல்லுவேள்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டோம். எழுந்திரிச்சு வந்துருவோம்."

"போயிட்டு வரேன்னு சொல்லுவேளா?"

"சொன்னா எங்க வீட்டுலயே சோறு போட மாட்டாங்க."

"அப்போ கட்டத்துல என்ன எழுதணும்?"

திருச்சியில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். எல்லா வீட்டிலும் போயிட்டு வரேன் என்று சொல்லாமல் கிளம்பினால் மரியாதைக் குறைவு. துக்க வீட்டில் அதைச் சொன்னால் மரியாதைக் குறைவு. மறுபடி வருகிறேன் என்றால் எதற்கு வருவாய்? ஆனால் எங்கள் மென்பொருளுக்கு அது தெரியாது. காலிக் கட்டம் இருந்தால், வேலை செய்யாமல் விட்டதாக எடுத்துக்கொண்டு, திருத்தியவர் பெயரில் ஒரு கிரிட்டிக்கல் எழுதும். ஒரே வேலையில் மூன்று கிரிட்டிக்கல் வந்தால் அந்த ஆள் பேனலிலிருந்து, அதாவது திருத்துவோர் பட்டியலிலிருந்து, நீக்கம். மாமி விட்டிருந்தது சரியாக மூன்று.

"மாமி, ஆழ்ந்த இரங்கல்னு எதையாவது போட்டுத் தொலைங்களேன்."

"மேலேயே ஒரு வாட்டி துக்கம் விசாரிச்சாச்சு. கிளம்பறச்சே இன்னொரு வாட்டி விசாரிச்சா அது துக்கமா, வியாபாரமா?"

"வியாபாரம்தானே மாமி. நாம பாக்கறதே விளம்பரம்."

"அதுக்காக?"

சென்னையில் எங்களுக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணைக் கூப்பிட்டேன். நல்ல பெண். வயதில் என் மகள் மாதிரி, அலுப்பில் என் அம்மா மாதிரி.

"சார், அந்தக் கடைசி லைன் எல்லா சர்வீஸுக்கும் காமன் சார். அதை எடுக்கணும்னா கிளையன்ட்தான் எடுக்கணும். நம்ம கையில இல்ல."

"கிளையன்ட்கிட்ட சொல்லுங்களேன்."

"சொன்னேன் சார். இங்கிலீஷ்ல நல்லாத்தானே இருக்குன்னு கேக்கறாங்க. அவங்க ஆளு பெங்களூர். தமிழ் படிக்கத் தெரியாது. தமிழைத் திருப்பி இங்கிலீஷாக்கிப் பாப்பாரு. காலியா இருந்தா, அவருக்குக் காலியாத்தான் தெரியும்."

இப்போது என் பங்கு. நான் மாமியின் காலிக் கட்டங்களை ஏற்றால் எனக்கும் அதே மூன்று கிரிட்டிக்கல். மறுத்தால் மாமி வெளியே, நான் உள்ளே. என்னுடைய வீரத்தை இந்த இடத்தில் வர்ணிக்க வேண்டும். நெட் போய்விட்டது என்று சென்னைக்குச் செய்தி அனுப்பினேன், அதே நெட்டில். கீழே மெடிக்கல் ஷாப் பக்கத்தில் டீ குடித்தேன். மேலே வந்தேன். மறுபடி கீழே போய் இன்னொரு டீ குடித்தேன். டீக்கடைக்காரர், "என்ன சார், ஆஸ்பத்திரில யாராவது அட்மிட்டா?" என்று பரிவோடு கேட்டார். பெரியாஸ்பத்திரி இருக்கும் புத்தூரில் அடுத்தடுத்து இரண்டு டீ குடிப்பவனைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இரண்டாவது டீயில்தான் எனக்கு ஞானம் வந்தது. காலியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதானே? மூன்று கட்டங்களிலும் ஒரு ஸ்பேஸ் தட்டினேன். மென்பொருள் அதை ஒரு எழுத்தாக எண்ணிக்கொண்டது. கட்டத்தின் ஓரத்தில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. 'ஏற்கிறேன்' அழுத்தினேன். உலகத்தில் எந்த எழுத்தாளனும் தன் எழுத்தைப் பார்த்து இவ்வளவு கர்வப்பட்டிருக்க மாட்டான். மாமிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"வெறுமையிலகூடக் கலப்படம் பண்ணிட்டேளே சார்."

ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சென்னைப் பெண்ணும் ஒன்றும் கேட்கவில்லை. "அடுத்த வாரம் உங்க போனுக்கு டெஸ்ட் மெசேஜ் வரும் சார். போன்ல எப்படித் தெரியுதுன்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க" என்றாள். அது வழக்கமான வேலை. திரையில் சரியாக இருப்பது போனில் வெட்டுப்பட்டுத் தெரியலாம். அதனால் வாடிக்கையாளருக்குப் போவதற்கு முன் எங்களுக்கே அனுப்பிப் பார்ப்பார்கள்.

அந்த டெஸ்ட் ஒரு முற்பகலில் வந்தது. நான் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு குக்கர் விளம்பரத்தில் 'உங்கள் சமையலறையின் ராஜா அவள்' என்பதைத் திருத்திக்கொண்டிருந்தேன். போன் சத்தம் கொடுத்தது. எடுத்துப் பார்த்தால் என் மறைவுக்கு எனக்கே இரங்கல். இறந்தவர் பெயர் வரவேண்டிய பொந்தில் என் பெயர், இனிஷியலோடு. சோதனைப் பட்டியலில் பெயர் என்று இருந்தது எங்கள் பெயர்கள்தான். அதையே அப்படியே சொருகியிருந்தார்கள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாரு, எல்லா ஏற்பாடும் முடிஞ்சிடுச்சாம்."

"அப்ப மத்தியானத்துக்கு உங்களுக்குச் சேத்து உலை வைக்க வேணாமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அப்புறம்தான் கடைசி வரியைப் பார்த்தேன். 'கவனமாக இருங்கள். விரைவில் சந்திப்போம்!' என் ஸ்பேஸ் அங்கே இல்லை. என்ன நடந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாமியின் எண்ணிலிருந்து அழைப்பு.

"மாமி, பாத்தீங்களா? நான் செத்துட்டேன்" என்றேன் உற்சாகமாக.

பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. மாமியின் மூச்சு இல்லை. கனமாக, தொண்டையில் எதையோ இழுத்துக்கொண்டு, நின்று நின்று வந்தது. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு ஒலி. சொல்லாக ஆக முயன்று ஆகாத ஒலி. அதற்கப்புறம் போன் எங்கோ விழுந்த சத்தம்.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, எல்லாம் தவறாக விளங்கிவிட்டது. மாமிக்கும் அதே செய்தி போயிருக்கிறது, மாமியின் பெயரோடு. போன் கட்டிலில் இருந்திருக்கிறது. காலையில் கணவருக்குப் பாசுரம் ஓடவிட்டு மாமி போனை அங்கேதான் வைப்பார். வெளியே போகும்போதும் அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டுப் போவார். அவர் படித்திருக்கிறார். இரண்டாவது அட்டாக். போய்விட்டார். கடைசி வரியைப் படித்துக்கொண்டே போய்விட்டார். அந்த வரி அங்கே வந்ததற்குக் காரணம் என் ஸ்பேஸ். மாமியைக் காலியாகவே விடச் சொல்லியிருந்தால், பெங்களூர்க்காரனாவது பார்த்து எதையாவது கேட்டிருப்பான்.

ஸ்கூட்டரை எடுத்தேன். ஹெல்மெட்டுக்குப் பதிலாக மனைவியின் காய்கறிக் கூடையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது சத்திரம் பஸ் ஸ்டாண்ட் தாண்டித்தான் தெரிந்தது. ஓயாமாரி மயானம் பக்கம் திரும்பும் இடத்தில் என் வண்டி தானாக வேகம் குறைத்தது. அதற்கும் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். காவிரிப் பாலத்தில் மாமியின் எண்ணுக்கு மறுபடி போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல்தான். இந்த வறண்ட காலத்திலா அவருக்குக் காரியம் செய்ய வேண்டும், அம்மா மண்டபம் படித்துறையில் முழங்கால் அளவுகூட இருக்காதே என்று என் மூளை பொறுப்பாகக் கவலைப்பட்டது. மாம்பழச்சாலை வருவதற்குள் அவருக்குப் பத்தாம் நாள்வரை முடித்துவிட்டேன்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

அவர் இருந்தார். உயிரோடுதான் இருந்தார். கட்டிலில் பாதி சரிந்து, இடது காலைத் தரையில் ஊன்றி, இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக முயன்றாரோ, பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. தண்ணீர்த் தம்ளர் உருண்டு கிடந்தது. போன் தரையில் கிடந்தது.

நான் அவரைத் தூக்கிச் சாய்த்து உட்கார வைத்தேன். போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் திரையை என் முகத்துக்கு நேரே பிடித்தார். மாமியின் பெயர். மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல். இறுதிப் பயணத்துக்கான ஏற்பாடுகள் அனைத்தும் நிறைவடைந்தன.

அவர் சாகவில்லை. அவரைப் பொறுத்தவரை, காலையில் காய்கறி வாங்கக் கிளம்பிய மாமி வழியில் செத்துவிட்டார். யாரோ தூக்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் முடித்தும்விட்டார்கள். அவருக்குச் சொல்லி அனுப்ப ஆள் இல்லாததால் போனில் தெரிவித்திருக்கிறார்கள். அவர் இடது கை விரலால் தட்டத் தெரிந்தது ஒன்றே ஒன்று, கடைசியாகப் பேசிய எண். அது என்னுடையது. அதில் கேட்ட பதில், 'பாத்தீங்களா? நான் செத்துட்டேன்.'

"சார், இது டெஸ்ட் சார். சோதனை. நிஜமில்ல" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். அந்த வீட்டில் ஸ்பீக்கர் போனில் என் குரல் தினமும் ஒலிக்கும். நான் பேசினாலே விளையாட்டு என்பது அவருக்குத் தெரியும். இப்போது இதுவும் விளையாட்டா, துக்கத்தை மறைக்கும் விளையாட்டா என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். என் முகத்தில் அவருக்கு உதவும்படி எதுவும் இல்லை. இத்தனை வருஷம் எதற்கெடுத்தாலும் இளித்த முகம் அது.

"இங்க பாருங்க, நானும் செத்திருக்கேன்" என்று என் போனை நீட்டினேன்.

அவர் அதையும் படித்தார். படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு பேருமா என்று நினைத்தாரோ என்னவோ.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இயந்திரம் எழுதியதை அப்படியே விட்டிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். மாமியின் பெயரைப் போட்டு 'கடைசிப் பயணத்தைத் தொடங்கினான்' என்று வந்திருந்தால், ஏதோ லோன் கொடுக்கிறவன் தொல்லை என்று ஒதுக்கியிருப்பார். அவர் நம்பியது தமிழ் நன்றாக இருந்ததால். பிழை ஒன்று விடாமல் நாங்கள் பொறுக்கி எடுத்திருந்தோம். ஒரு மனிதர் கைகூப்பி நின்று சொல்வது போல ஆக்கி வைத்திருந்தோம். அவர் மனைவியேதான் அதை எழுதியிருந்தார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்ன சார், நீங்க இங்க? கையில கூடை வேற. எங்காத்துக்குக் காய் வாங்கிண்டு வந்தேளா?"

மாமி வாழைத்தண்டும் கீரையுமாக நின்றார். நான் பதில் சொல்வதற்குள் கட்டிலைப் பார்த்துவிட்டார். பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவர் இடது கையால் மாமியின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு, அளந்து பார்ப்பது போலத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த ஒலி மறுபடி வந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, எச்சில் வழிய, அவர் அழுதார். மாமி என்ன ஏது என்று கேட்கவில்லை. மற்றொரு கையால் புடவைத் தலைப்பை எடுத்து அவர் வாயைத் துடைத்தார்.

நான் போனை நீட்டினேன். மாமி தன் சாவுச் செய்தியைப் படித்தார். திருத்துகிறவர்கள் படிப்பது போலவே, அவசரப்படாமல், வரி வரியாகப் படித்தார்.

"கடைசி வரி வந்திருக்கே" என்றார்.

"ஸ்பேஸ் போட்டேனே மாமி."

"போட்டேள்."

அங்கிருந்தே சென்னைக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் குரல் பதறியது. "ஐயோ சார், அந்தப் பேர் லிஸ்ட்டைச் செக் பண்ணாம விட்டுட்டோம் சார். சாரி மேடம்." பிறகு கடைசி வரியைக் கேட்டேன். வெறும் ஸ்பேஸ்களை அனுப்பும் நேரத்தில் கம்ப்யூட்டரே நீக்கிவிடுமாம். கட்டம் காலியானால், இயந்திரத்தின் முதல் தமிழை எடுத்துப் போட்டுக்கொள்ளுமாம். ஸ்பேஸ் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் அதே வரிதான் வந்திருக்கும். என் கொலைக் குற்றச்சாட்டு தள்ளுபடியாயிற்று. எனக்குச் சந்தோஷமாக இல்லை.

"அந்த மூணையும் இப்ப சிஸ்டம் கிரிட்டிக்கல்னு எடுத்திருக்கு மேடம்" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "ஒரு வரி, ஏதாவது ஒரு வரி போட்டுடுங்க. நான் சாயங்காலம் வரைக்கும் கட்டத்தைத் திறந்து வைக்கறேன்."

மாமி கணவரைப் பார்த்தார். அவர் இன்னும் மணிக்கட்டை விடவில்லை. அவருக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வேலை போகிறது என்பதும் புரிந்திருக்கும். அவர் தலையை ஒரு தடவை, மெதுவாக, வேண்டாம் என்று ஆட்டினார்.

"அது காலியாத்தாம்மா இருக்கணும்" என்றார் மாமி.

நான் எழுந்து கூடையை எடுத்தேன். வாசல் வரை வந்துவிட்டேன். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டினேன். மாமிக்குப் புரிந்துவிட்டது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சார், சொல்லிண்டே போங்கோ. இங்க யாரும் சாகலை."

"போயிட்டு வரேன் மாமி" என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். அவருக்கு உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமி போனை இப்போது கட்டிலில் வைப்பதில்லை. அவரைத் தனியாக விட்டுவிட்டுக் காய் வாங்கப் போவதும் இல்லை. பேனலிலிருந்து மாமியின் பெயர் எடுக்கப்பட்டது. 'ஏற்கிறேன்' அழுத்திய என் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை, ஏனென்றால் நான் ஏற்றது காலிக் கட்டத்தை அல்ல, ஸ்பேஸை என்று மென்பொருள் எழுதி வைத்திருந்தது. முதல் ஆளாக இப்போது நான் இருக்கிறேன். கம்பெனி திருச்சியில் சேவையைத் தொடங்கிவிட்டது. சாவு வீடுகளுக்கு அந்தக் கடைசி வரி போய்க்கொண்டிருக்கிறது.